வெளியே போகாத யூனிட்டுகள்

ஈப்போவில் எங்கள் கூரையில் சோலார் பொருத்தி, முதல் பில் வந்தது. கைப்பேசிச் செயலி அறுநூறு யூனிட் உற்பத்தி என்றது; பில்லோ முந்நூறைத்தான் கழித்திருந்தது.

"மீட்டர் கோளாறுலா, புகார் எழுதப் போறேன்," என்றாள் மனைவி. அவள் தோசைமாவு விற்பவள்.

சோலார் பொருத்தியவரைக் கைப்பேசியில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் நீட்டினேன். "அக்கா, பகல்ல அரைக்கிறீங்க, ஏர்கோன் போடுறீங்க. மிஞ்சினதுதான் வெளிய, மின்சார லைனுக்குப் போகும். அதைத்தான் நீங்க வாங்கின யூனிட்ல கழிப்பாங்க."

அவள் நம்பவில்லை. நண்பகலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன் நின்றோம். வெளியேறும் மின்சாரத்தைக் காட்டும் எண் சரசரவென ஏறியது. எல்லாவற்றையும் போட்டோம்; எண் தயங்கித் தயங்கி நகர்ந்தது.

"அப்ப என் மாவை அரைச்சது வெயிலா?"

புகார்த் தாளின் பின்புறம் நாளைய ஆர்டரை எழுதத் தொடங்கினாள்.