பச்சை எரிந்தும் நகராத பேருந்து

பாளையங்கோட்டையில் ஒரு நாற்சந்தியில் பதினோரு வருடமாக நிற்கிறார் போக்குவரத்துக் காவலர் விக்டோரியா. அன்று காலை சிக்னல் பழுதாகி, நான்கு பக்கமும் மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. ஒவ்வொருவரும் தனக்கே வழி என்று நுழைந்ததில் சந்தி அடைத்துக்கொண்டது.

"மஞ்சதானக்கா, போவலாம்லா?" என்று ஹாரனை அழுத்தினார் பேருந்து ஓட்டுநர் ஜம்பு.

"பைய, பாத்துப் போவணும்னுதான் மஞ்ச மின்னுது. வந்து முட்டுததுக்கா அண்ணாச்சி?"

விக்டோரியா மூன்று பக்கத்தை நிறுத்தினார். விளக்கின் கணக்கு அவருக்கு மனப்பாடம்: நேராகப் போக நாற்பது விநாடி, வலப்பக்க அம்புக்குறிக்குப் பதினைந்து. அதே வரிசையைக் கையாலேயே நடத்தினார். பத்து நிமிடத்தில் சந்தி தெளிந்தது.

ஜம்புவின் பக்கத்துக்கு முறை வருமுன்பே திடீரென்று சிக்னல் உயிர்பெற்று அவருக்குப் பச்சை காட்டியது. எதிர்ப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் திரும்பும் வண்டிகள் இன்னும் கடந்துகொண்டிருந்ததால் விக்டோரியாவின் கை அவரைத் தடுத்தே நின்றது. காவலர் கை காட்டும்போது விளக்கு செல்லாது.

பின்னால் ஹாரன்கள் அலறின. ஜம்பு அசையவில்லை.

"நீங்க சொல்லுங்கக்கா, போவேன்" என்றார்.