குதிக்குக் கீழே ஒரு தக்கை

துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் கம்பி அறுந்து, முழங்காலுக்குக் கீழே என் காலைக் கொண்டுபோனது. பிறகு ரப்பர் பாதம் வைத்த பொய்க்கால் கிடைத்தது. அதன் கணுக்கால் மடங்காது. என் சப்பாத்தின் குதி உயரத்துக்கு ஏற்றபடிதான் பொருத்தியிருந்தார்கள்.

பாலையூற்றில் தங்கச்சியின் புது வீட்டுக் குடிபூரலன்று, வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன்.

"உங்களுக்குப் பரவாயில்லை மச்சான், அப்பிடியே வாங்கோ," என்றார் அவள் புருஷன்.

அந்த "உங்களுக்கு" என்னைச் சுட்டது. கழற்றினேன். பொய்க்காலின் குதி தரைக்கு இறங்கியதும் உடம்பு பின்னால் சாய்ந்தது. முழங்கால் பின்பக்கமாக நெரிந்தது. கதவு நிலையைப் பிடித்ததால் விழவில்லை. உடனே கதிரை வந்தது. பகல் முழுக்க அதிலேயே இருத்திவைத்தார்கள், வாகனத்தில் ஏற்றிவைத்த சாமி மாதிரி.

வீட்டுக்கு வந்து மீன்வலையில் கட்டுகிற தக்கை ஒன்றைச் சீவினேன். சப்பாத்தின் குதி உயரத்தில் அதன் முன்பக்க அடித்தட்டின் தடிப்பைக் கழித்தால் வருகிற அளவு. சப்பாத்துக்குப் போடும் மெல்லிய கால்மேசுக்குள் அது வழுக்கியது. தடித்த கம்பளி மேசுக்குள் அசையாமல் நின்றது. நல்ல காலுக்கும் அதேபோல ஒன்று, இல்லாவிட்டால் ஒரு பக்கம் உயர்ந்துவிடும். தடித்த மேசோடு பாதம் சப்பாத்துக்குள் போகாது. ஆகவே வாசல்படியில் குந்தியிருந்துதான் கால்மேசு மாற்றவேண்டும். எவனும் பார்க்கட்டும்.

பொங்கலன்று தங்கச்சி வீட்டு வாசல்படியில் அப்படியே மாற்றிக்கொண்டு எழும்பினேன். தங்கச்சி கதிரையோடு ஓடிவந்தாள்.

"அதைக் கொண்டுபோ," என்றேன். சமையல் நடந்த குசினிவரை நடந்தேன்.

வாசலில் எல்லாருடைய செருப்புகளுக்கும் நடுவில் என் சப்பாத்தும் கிடந்தது. இரண்டும்.