நாற்பது சதவீதம்

ஸ்ரீரங்கத்தில் பதினைந்து வருஷம் கல்யாண போட்டோ எடுத்தவனுக்கு ரெஸ்யூமே ஒரு கேடா என்று திமிராக இருந்தேன். போன முகூர்த்த மாதத்தில் ஒரு புக்கிங்கூட வரவில்லை. திமிர் அடங்கிவிட்டது. தென்னூரில் ஒரு வெட்டிங் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் கேமராக்களை விற்றுவிடுவது என்று நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம்.

மகள் டைப் செய்து கொடுத்தாள். கேமரா இரண்டு, லென்ஸ் மூன்று, ஃப்ளாஷ் இரண்டு. எடிட்டிங்குக்கு லைட்ரூம், போட்டோஷாப். மூன்று கல்யாணங்களின் முழு ஆல்பத்துக்கும் லிங்க். கடைசி வரியில், திரும்பி வந்த வாடிக்கையாளர்கள் எத்தனை சதவீதம் என்று போட வேண்டுமாம். பழைய டைரிகளைப் புரட்டி எண்ணினேன். கல்யாணம் எடுத்த இருநூறு வீடுகளில் எண்பது வீட்டார் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். நாற்பது சதவீதம்! அடேயப்பா, எனக்கே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

இண்டர்வியூ செய்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். லிங்க்கைத் திறந்து ஒரு ஆல்பத்தைப் பொறுமையாகக் கடைசிவரை பார்த்தாள்.

"மண்டபத்து மஞ்ச லைட்லயும் முகத்து நிறம் மாறாம எடுத்திருக்கீங்க சார்."

கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு அவள் விரல் கடைசி வரிக்கு வந்தது.

"நாற்பதா! எங்களுக்கே இவ்ளோ இல்ல. என்னென்ன ஃபங்ஷனுக்குத் திரும்ப வந்தாங்க?"

"வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம்... ஒரு பதினெட்டு வீடு இருக்கும்."

"மீதி அறுபத்திரண்டு?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். என் பாழாய்ப்போன வாய்!

"வீட்ல யாராவது தவறிட்டா கூப்பிடுவாங்கம்மா. கல்யாண போட்டோலேர்ந்து அவங்கள மட்டும் தனியா பிரிச்சு, மாலை போடறதுக்குப் படம் பண்ணித் தருவேன்."

"அது புக்கிங் இல்லையே சார்" என்றாள், மெதுவாக. நாற்பதை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினாள். கணக்கு சரிதான். "சொல்லி அனுப்புறோம் சார்." அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? மண்டபக்காரர்கள் வாயால் இதை எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது போன் அடித்தது.

"அண்ணே, தொட்டியத்துல எங்க கல்யாணம் எடுத்தீங்களே..." அந்தக் கல்யாணப் பெண்தான். அவள் அப்பா அன்று காலையில் தவறிவிட்டாராம். "அப்பா சிரிச்ச மாதிரி ஒண்ணு இருக்குமேண்ணே. அவர மட்டும் தனியா எடுத்து..."

எனக்கு நினைவிருந்தது. தாலி கட்டி முடித்ததும் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள். மனுஷன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். நான் எடுத்ததிலேயே நல்ல படங்களில் ஒன்று அது.

"இருக்கும்மா. சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறேன்."

"அண்ணே, அதுல அப்பா தோள்ல என் கை இருக்கும். உசுரோட இருக்கறவங்க கை அந்தப் படத்துல இருக்கக் கூடாதாம். எடுத்துருவீங்களா?"

"எடுத்துடறேம்மா" என்றேன்.

கேமரா போனால் போகட்டும். அந்தக் கையை எடுப்பதற்குக் கேமரா தேவையில்லை.