கனவில் வந்த சீட்டு

விடியற்காலையில் வந்த கனவு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர் எழுந்து உட்கார்ந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. இருபது வருடத்துக்கு முன் கடை நிறைய ஆட்கள் பார்க்க அவரை வலது இடது தெரியாதவன் என்று திட்டிய பழைய முதலாளி, கனவில் வந்து தலைகுனிந்து நின்றாராம்.

"தப்பு என்னோடது. சீட்டுல நீ சரியாத்தான் எழுதியிருந்த. நான்தான் பாக்கல" என்று சொன்னாராம். இவரும் உடனே பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டார். கனவில் அதற்கொன்றும் சிரமமில்லை.

"அவருக்கு ஒரு போன் போட்டு, மனசுல ஒண்ணும் வச்சுக்கலைன்னு சொல்லிடலாமா?" என்று மனைவியிடம் கனவைச் சொல்லிக் கேட்டார்.

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அவருக்கு என்ன தெரியும்? கனவு கண்டது நீங்க. அவர் வாயில பேசினதும் நீங்கதான். ஆமா, அப்போ நீங்க சீட்டா எழுதினீங்க? லென்ஸ்தானே தேய்ச்சீங்க?"

பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் கை நின்றது. அந்தக் காலத்தில் எந்தக் கண்ணுக்கு எந்த லென்ஸ் என்று சீட்டு எழுதியவரே முதலாளிதான். இவர் ஒரு சீட்டும் எழுதியதில்லை. யோசிக்க யோசிக்கக் கனவு முழுக்க நேற்றைய சாமானாகவே இருந்தது. முதலாளி கட்டியிருந்தது இவருடைய ஏப்ரன். அவர் கட்டைவிரலில் இருந்ததும் நேற்று இவர் கிழித்துக்கொண்ட காயம்.

நேற்று வலது லென்ஸ் இடது பக்கம் மாறிப்போயிருந்தது. வாத்தியாரம்மா ஒருவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்றார். கவுன்டரில் சீட்டு எழுதுகிற அம்மாளை இவர் அந்த வாத்தியாரம்மா எதிரிலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "வலது இடது தெரியாதவங்க எதுக்கு வேலைக்கு வரணும்?" முதலாளியின் அதே வார்த்தை. சாயங்காலம் சீட்டைப் பார்த்தார். எழுத்து சரியாக இருந்தது. மாற்றிப் பொருத்தியது இவர். சீட்டைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல வீட்டுக்கு வந்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் யார் என்று மனசுக்குத் தெரிந்திருந்தது. விழித்திருக்கும்போது இவர் சொல்லவிடாததை, பழைய வலிக்கு மருந்து போடுகிற சாக்கில், தூக்கத்தில் இன்னொருவர் வாயால் சொல்லவைத்துப் பார்த்திருக்கிறது. முதலாளி அங்கே சுகமாகக் குறட்டை விட்டிருப்பார். இவருக்கு முகம் எரிந்தது. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம்.

கடை திறந்ததும் கவுன்டருக்குப் போய்க் கசங்கிய சீட்டை நீவி வைத்தார். "தப்பு என்னோடது. சீட்டுல நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க. நான்தான் பாக்கல." தூக்கத்தில் ஒத்திகை பார்த்த வாக்கியம், தடங்கல் இல்லாமல் வந்தது.

அந்த அம்மாள் சீட்டைத் தொடவில்லை. "நேத்தே தெரியும்ணே. நீங்க பையில போட்டதைப் பார்த்தேன். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

இவர் மன்னிப்புக்காக நின்றார். கனவில் இந்த இடத்தில் அது கிடைத்திருந்தது.

"அந்த வாத்தியாரம்மா பத்து மணிக்குக் கண்ணாடி வாங்க வராங்க" என்றாள் அவள், பேனாவை எடுத்துக்கொண்டே. "அவங்க முன்னாடிதானே திட்டினீங்க? அப்போ சொல்லுங்கண்ணே."