சித்தி வீட்டுப் பணக்கட்டில் சிவப்பு மை

எங்கள் வீட்டுக்குள் பொறாமை நுழைந்தது சித்தி வாங்கிய டி.வி. வழியாகத்தான். எங்கள் தலத்தெருவில் நாலு வீடு தள்ளித்தான் சித்தி வீடு. இலங்கை டி.வி. நிகழ்ச்சி பார்க்கப் போனால் அம்மாவுக்குப் பாயும் எனக்கு வெறுந்தரையும் கிடைக்கும். நாற்காலியில் சித்தி மட்டும் உட்கார்ந்திருப்பாள்.

இரண்டாயிரம் போட்டு, ஒரே வருடத்தில் நாலாயிரமாகத் திரும்பி வந்த பணத்தில் வாங்கிய டி.வி. அது. கடைத்தெருவில் மாடி அறை பிடித்திருந்த ஒரு வெள்ளைச் சட்டைக்காரர், இறால் ஏற்றுமதி என்று சொல்லிப் பணம் திரட்டினார். ஆள் சேர்த்துவிட்டால் நூற்றுக்கு ஐந்து கமிஷன். சித்தப்பா ஊரையே சேர்த்துவிட்டிருந்தார். சித்தி போட்டிருந்த இன்னொரு ஐயாயிரம் ஆடியில் பத்தாயிரமாகத் திரும்பி வர வேண்டியிருந்தது.

அப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். "பேங்க்காரனே நூத்துக்குப் பத்துதான் தர்றான். நூத்துக்கு நூறு எந்த இறால் தரும்?" என்று சிரித்தார்.

"உங்க கணக்கு சரிதாங்க. டி.வி.தான் அங்க இருக்கு" என்றாள் அம்மா.

அப்பா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அக்கா கல்யாணத்துக்கென்று வைத்திருந்த ஓய்வுப் பணம் இருபதாயிரத்தை எடுத்து வந்தார். நாலு ஐம்பது ரூபாய்க் கட்டுகள். ஒவ்வொன்றையும் எண்ணி, மேலே சுற்றியிருந்த தாளில் சிவப்பு மையால் ஒரு 'சரி' போட்டுக் கையெழுத்தும் வைத்தார். நோட்டுத் திருத்திய கை சும்மா இருக்குமா?

பணத்தைக் கொடுக்க அப்பாவோடு மாடி அறைக்கு நானும் போனேன். "கணக்கு வாத்தியாருக்கு நான் கணக்கு சொல்லணுமா சார்? அடுத்த ஆடி தேதி போட்டு செக் தர்றேன். பேங்க்ல நீட்டுங்க, நாப்பதாயிரம் எண்ணிக் குடுப்பான்" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். சித்தப்பா பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

அன்று சாயங்காலம் சித்தி எங்களைக் கூப்பிட்டு, மடியிலிருந்த இரண்டு கட்டுகளைக் காட்டினாள். "பாத்தியாக்கா? சொன்ன தேதிக்கு டாண்ணு வந்துட்டு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திருப்பவில்லை. இரண்டிலும் அப்பாவின் சிவப்புச் 'சரி', கீழே அவர் கையெழுத்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணக்கு நோட்டில் பெருக்கல் குறியாகப் போட்டுத் தள்ளுகிற அப்பா, சித்திக்கு மட்டும் இரண்டு 'சரி' போட்டுக் கொடுத்திருக்கிறாரே! அந்த ஆத்திரத்தில் அப்பாவோடு பேசாமல் இருந்தேன். "என்னடி கோவம்?" என்று அவர் இரண்டு முறை கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் மாடி அறை பூட்டிக் கிடந்தது. செக்கை நீட்டியபோது, தேதி இன்னும் வரவில்லை, வந்தாலும் கணக்கில் காசே இல்லை என்று வங்கியில் திருப்பிக் கொடுத்தார்கள். அக்காவின் கல்யாணம் நின்றது.

சித்தியின் பத்தாயிரத்தை எந்த இறாலும் ஈட்டவில்லை, எங்கள் வீட்டிலிருந்துதான் போனது என்று எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. நான் பேசாமல் இருந்த பதினைந்து நாளும் அந்த மாடி அறை திறந்துதான் இருந்தது.