மேல் நட்டு, கீழ் நட்டு

மயிலம் பக்கம் ஒரு அக்காவின் கொல்லைக்காட்டில், மல்லாட்டை (நிலக்கடலை) பூ எடுக்கிற நேரம் பார்த்து ஆயில் இன்ஜின் பம்பு படுத்துவிட்டது. மூடியைப் பிடிக்கிற ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட், ஒன்று உடைந்து, இரண்டு நட்டு ஏறும் அளவுக்குத்தான் மரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதுவும் முறிந்தால் பம்பையே விழுப்புரம் லேத் பட்டறைக்குத் தூக்க வேண்டும். செடி அதுவரை தாங்காது.

ரிப்பேர் பார்க்க வந்த நான் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டு வேப்பமர நிழலில் சாய்ந்தேன். கனவில் ஸ்டட் வாழைப்பழத் தோல்போல வழுக்கி வந்தது. கண் விழித்தால் அங்கேயே இருந்தது.

இரண்டு நட்டுகளை ஏற்றி, ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டினேன். தூக்கக் கலக்கத்தில் மேல் நட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கழற்றுகிற பக்கம் திருப்பினேன். சுகமாகச் சுற்றி வந்தது.

“வந்துடுச்சுக்கா.”

“எங்க காட்டு. நட்டுதான்டா வந்துகீது. இன்னும் தூங்கிக்கினுதான் கீறியா?”

“பள்ளிக்கூடத்துலயும் இப்டித்தாங்க்கா. அதான் வுட்டுட்டு ஓடியாந்தேன்.”

மறுபடி பூட்டினேன். இந்த முறை ஸ்பேனர் கீழ் நட்டில். அது கழன்று மேலே வரப் பார்த்தது. மேல் நட்டு வழி விடவில்லை. வேறு வழியில்லாமல் ஸ்டட்டே கிறீச்சென்று அசைந்து, மெல்ல மெல்லச் சுழன்று வந்தது. இதுவும் கனவோ என்று துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

புது ஸ்டட் போட்டு மூடியை இறுக்கி இன்ஜினைச் சுற்றினேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அக்கா முதல் கைத் தண்ணீரை அள்ளி என் முகத்தில் அடித்தாள்.

“இப்பவாச்சும் முழிச்சிக்க.”