லேப் சாரின் ரத்தம்

போர்ட் பிளேரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேப்பிலிருந்து வார்டுகளுக்கு இருபத்தோரு குறிப்புகள் எழுதி அனுப்பியது நான்தான். ரத்தம் எடுக்குமுன் நோயாளியின் வாயாலேயே பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், ட்யூபில் முழுப்பெயரும் ஆஸ்பத்திரி நம்பரும் எழுதுங்கள், எடுத்தவுடன் படுக்கை அருகிலேயே லேபிள் ஒட்டுங்கள், ஃபார்மில் இருப்பதும் ட்யூபில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும், இப்படி. வார்டில் அந்தத் தாளை ஒட்டி வைத்து, அதன் மேலேயே டியூட்டி அட்டவணையையும் ஒட்டினார்கள். கோபம் வந்தது. லேபிள் சரியில்லாத ட்யூப்களைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு குஷி இருந்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் எனக்கே டெங்கு வந்து, அதே வார்டில் படுத்தேன். மகள், லாங் ஐலண்ட் என்ற தீவில் டீச்சராக இருக்கும் என் மனைவியோடு அங்கே இருந்தாள். எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது; மறுநாள் அவளுக்குப் பிறந்தநாள், அங்கே போக மறுநாள் காலையில் படகு. பிளேட்லெட் ஏறியிருந்தால் மதிய ரவுண்டில் விட்டுவிடுவதாக டாக்டர் சொன்னார்.

அன்று காலையில் சிஸ்டர் வந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், பதினைந்து வருடப் பழக்கம். ஊர்க்கதை பேசிக்கொண்டே ரத்தம் எடுத்தார். பெயர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தெரிந்த முகம்தானே என்று இருவருக்கும் நினைப்பு. ட்யூபிலும் ஃபார்மிலும் 'லேப் சார்' என்று எழுதி அனுப்பிவிட்டார். நம்பர் இல்லை.

பதினொன்றரைக்கு லேப்பிலிருந்து வார்டுக்குப் போன். என் கீழே வேலை கற்ற பெங்காலிப் பையன், இங்கே மூன்று லேப் சார் இருக்கிறோம், இது எந்த சாருடையது என்று மரியாதையாக ஹிந்தியில் கேட்டு, சாம்பிளைத் தள்ளுபடி செய்துவிட்டான். என் ரத்தத்தையே! நான் சிஸ்டரிடமிருந்து போனை வாங்கிக் கெஞ்சினேன். லேபிளைப் பிறகு திருத்தக் கூடாது, புதிதாக எடுக்க வேண்டும் என்று குறிப்பின் பன்னிரண்டாவது வரியை எனக்கே வாசித்துக் காட்டினான்.

சிஸ்டர் புதிய ட்யூபும் புதிய ஃபார்முமாகத் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"உங்க பேரு என்ன, சார்?"

"சிஸ்டர், என்னைத் தெரியாதா?"

"அரே பாபா, தெரியும். அதான் இவ்ளோ வம்பு. முழுப் பேரச் சொல்லுங்க."

கூச்சத்தோடு சொன்னேன். மணிக்கட்டுப் பட்டையில் இருந்த நம்பரையும் ஃபார்மையும் ஒப்பிட்டுப் பார்த்து, ரத்தம் எடுத்து, ட்யூபை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி, என் கண்முன்னேயே லேபிள் எழுதினார்.

ரிசல்ட் நன்றாகத்தான் வந்தது. அதற்குள் டாக்டர் மதிய ரவுண்டு முடித்துப் போயிருந்தார். அன்றைக்கு டிஸ்சார்ஜ் இல்லை. மறுநாள் காலைப் படகு நானில்லாமல் போனது.

மகளுக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். பாவம், அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, கேள்விதான் கேட்டாள்.

"அப்பா, அந்த ரூலை எழுதினது யாரு?"

வீடு திரும்பியதும் இருபத்தொன்றை ஐந்தாக்கினேன். முதல் வரி: தெரிந்தவரானாலும் பெயரைக் கேளுங்கள். வார்டில் ஒட்டிய அந்தத் தாளின் மேல் இன்றுவரை யாரும் எதையும் ஒட்டவில்லை.